பெட்டிக்காரருக்கு ஒரு பிடித்தக் கடிதம்

எங்கள் முதலாளிக்குக் கடிதம் என்றால் சுருக்கமாக இருக்க வேண்டும். காரணம் சொன்னால் மரியாதை குறைந்துவிடும் என்பது அவருடைய எண்ணம். காஞ்சிபுரத்தில் பட்டுச்சேலை நெய்யவைத்து விற்கும் கடை அவருடையது. நான் அங்கே கணக்கு எழுதுகிறவள். கடிதம் எழுதுவதும் என் வேலைதான். அவர் சொல்வதை நான் எழுதுவேன், அதற்கு வரும் வசவையும் நானே வாங்கிக்கொள்வேன்.

அந்த ஆவணியில் முகூர்த்தம் நெருக்கிக்கொண்டு வந்த நேரம், முசரவாக்கத்தில் கொட்டகை போட்டு அட்டைப்பெட்டி செய்கிறவர் சேலைப்பெட்டி ஐந்நூறு அனுப்பியிருந்தார். மூடியில் கடைப் பெயர் பொன்னெழுத்தில் மின்னியது. முதலாளி ஒரு பெட்டியை எடுத்து, மேசைமேல் இருந்த சேலையை உள்ளே வைத்து மூடிப் பார்த்தார். மூடவில்லை. இன்னொன்றை எடுத்தார். அதுவும் மூடவில்லை. நான்காவது பெட்டியின்மேல் முழங்கையை வைத்து அழுத்தினார். அது ஓரத்தில் கிழிந்தது.

"அத்தினியும் சின்னதா இருக்குதும்மா. பாதிப் பணத்தப் பிடிச்சிடு."

நானும் எழுதினேன்: "தங்கள் பெட்டிகள் திருப்தியாக இல்லாததால் பில்லில் பாதித் தொகை நிறுத்தி வைக்கப்படுகிறது." அவ்வளவுதான். வாட்ஸப்பில் போய்ச் சேர்ந்ததும் பெட்டிக்காரர் ஃபோனில் கூப்பிட்டார். கோபமாகப் பேசியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

"இன்னாம்மா குறை? எத்தினி பெட்டியில? அத்தயாவது சொல்லுங்களேன். சனிக்கிழம ஆளுங்களுக்குக் கூலி குடுத்தாவணும். அட்டக்காரரு பழைய பாக்கி வராம புது அட்ட எறக்க மாட்டேன்னு சொல்லிக்கினு இருக்காரு. கொட்டாயி மூடிக்கினா உங்களுக்கே மிச்ச பெட்டி வராதும்மா."

கேட்டுச் சொல்வதாகச் சொல்லி ஃபோனை வைத்தேன். பில்லில் வரி நீங்கலாக இருபதாயிரம் ரூபாய். அதில் பாதியை "திருப்தி" என்ற ஒரே சொல்லை நம்பி நிறுத்தியிருந்தோம். எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்தால் எனக்குக் கோபமும் வரும், அது முதலாளி பக்கம் திரும்பும்.

புதிதாக ஒரு தாள் எடுத்தேன். பில் எண், தேதி, வந்த பெட்டிகள் எத்தனை, பார்த்தவை எத்தனை, ஒதுக்கியவை எத்தனை, என்ன குறை, யார் பார்த்தது, எதில் வைத்துப் பார்த்தது என்று வரிசையாக எழுதிக்கொண்டு முதலாளியிடம் போனேன்.

"பார்த்தது எத்தனை முதலாளி?"

"நாலு."

"ஒதுக்கினது?"

"ஐந்நூறு."

சளைக்காமல் சொன்னார். நானும் சளைக்காமல் எழுதிக்கொண்டேன். அடுத்த கேள்வியில்தான் மாட்டினார்.

"எந்தச் சேலையை வெச்சிப் பார்த்தீங்க?"

அலமாரியைக் காட்டினார். வெள்ளிக்கிழமை அம்மனுக்குச் சாத்துவதற்காக ஒருவர் சொல்லி நெய்யவைத்த சேலை. அரக்கில் பச்சைக் கரை. ஒன்பது கஜம்.

எங்கள் கடையில் மாதிரிப் பெட்டி ஒன்று உண்டு. முதலாளியும் பெட்டிக்காரரும் அதன் அடியில் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். ஆறு கஜச் சேலையை ரவிக்கைத் துணியோடு மடித்தால் கொள்ளும் அளவு. ஒன்பது கஜத்துக்கு எப்போதும் வேறு பெட்டி சொல்லி வாங்குவோம். அந்த மாதிரியை எடுத்து வந்து, வந்திருந்த பெட்டி ஒன்றின் பக்கத்தில் வைத்தேன். நூல் பிசகாமல் ஒரே அளவு.

முதலாளி இரண்டு பெட்டிகளையும் மாற்றி மாற்றித் தூக்கிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "அம்மனுக்கு எடுத்த சேல கொள்ளல. அது பெட்டியோட தப்புதானே?"

"அம்மனுக்குச் சேலையைத் தாம்பாளத்துலதான் வெச்சிக் குடுப்பாங்க முதலாளி. பெட்டியே வேணாம்."

அவர் கடைவீதியைப் பார்க்கத் தொடங்கினார். தோற்றதை ஒப்புக்கொள்ளும் விதம் அது.

ஆனால் பெட்டிக்காரரும் முழுச் சுத்தம் இல்லை. கடைப் பெண்களோடு உட்கார்ந்து எல்லாப் பெட்டிகளையும் திறந்து பார்த்தேன். முப்பத்தாறு பெட்டிகளில் பொன்னெழுத்து விரல் பட்டதும் உரிந்து வந்தது. அதில் சேலையை வைத்துக் கொடுத்தால் கடைப் பெயர் கல்யாணப் பெண்ணின் கையில் ஒட்டிக்கொள்ளும். முப்பத்தாறும் ஒரே கட்டில் வந்தவை.

கடிதத்தைத் திரும்ப எழுதினேன். ஐந்நூறையும் பார்த்தோம், மாதிரியோடு ஒப்பிட்டதில் அளவு சரி. முப்பத்தாறில் எழுத்து உரிகிறது, படம் இணைத்திருக்கிறோம். முழங்கை பட்டுக் கிழிந்த ஒன்று எங்கள் கணக்கு. பெட்டிக்கு நாற்பது வீதம் ஆயிரத்து நானூற்று நாற்பது ரூபாயும் அதற்குரிய வரியும் மட்டும் நிறுத்தியிருக்கிறோம், மீதி இன்றே வங்கியில் போடப்படுகிறது. ஒதுக்கிய பெட்டிகள் தனியே கட்டி இருக்கின்றன, வந்து பார்த்து எடுத்துக்கொள்ளலாம். அந்தத் தொகையைக் குறைத்துக்கொண்டதாக ஒரு கிரெடிட் நோட் அனுப்பினால் இருவர் கணக்கும் நேராகும். முதல் கடிதத்தை ரத்து செய்கிறோம்.

முதலாளி படித்துவிட்டு முகம் சுளித்தார். "இவ்ளோ விவரமா எழுதினா எப்படிம்மா? அவனுக்குப் புரிஞ்சிடுமே!"

புரிந்துதான் விட்டது. கையெழுத்து வாங்கி அனுப்பிய அன்றே பெட்டிக்காரர் வந்தார். கட்டைப் பிரித்து விரலால் தேய்த்துப் பார்த்தார். "எழுத்த சூடு பத்தாம அடிச்சிட்டாங்கம்மா, எங்க தப்புதான்" என்று எடுத்துப் போனார். அவர் கொட்டகையில் சனிக்கிழமைக் கூலி கிடைத்தது. நான் கொஞ்சம் தலைக்கனத்தோடு திரிந்தேன்.

அதே சனிக்கிழமை எங்கள் கடையிலும் கூலி நாள். அம்மன் சேலையை நெய்தவர், ஓரிக்கையிலிருந்து வருகிறவர், கூலி வாங்க வந்தார். முதலாளி நோட்டுகளை எண்ணி, அதில் கொஞ்சத்தை எடுத்து மேசை டிராயரில் திரும்பப் போட்டார்.

"சேல தடிமனா வந்திருக்குதுபா. பட்டு அதிகமா பூந்திருக்குது. பெட்டியிலயே கொள்ளல."

பெட்டி விடுதலையாகிவிட்டது, குற்றம் சேலைமேல் வந்து உட்கார்ந்துவிட்டது. நெசவாளருக்குப் பிடித்தம் என்றால் எங்கள் ஊரில் வாயால் சொல்வதுதான் வழக்கம். குறை சொல்வார்கள், பணம் குறையும், அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவார். இத்தனை வருடமாக அதைப் பார்த்துக்கொண்டு கணக்கு எழுதியவள்தான் நான்.

அவர் போகவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"பெட்டிக்காரருக்கு எழுதிக் குடுத்தீங்களாமே, எனுக்கும் அந்த மாதிரி ஒண்ணு எழுதிக் குடும்மா. வூட்ல கேட்டா காட்டணும்."

முதலாளி சிரித்தார். "எழுதிக் குடும்மா, எழுதிக் குடு."

எழுதினேன். பார்த்த சேலை: ஒன்று, ஒன்பது கஜம். பார்த்தவர்: முதலாளி. குறை: தடிமன். எடை: போட்டுப் பார்க்கவில்லை. எதில் வைத்துப் பார்த்தது: ஆறு கஜப் பெட்டி.

கையெழுத்துக்கு நீட்டினேன். முதலாளி பேனாவைத் திறந்தார், படித்தார், மூடினார். டிராயரைத் திறந்து, பிடித்த நோட்டுகளை எடுத்து நெசவாளர் முன்னால் வைத்தார். தாளை நான்காக மடித்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நெசவாளர் பணத்தை எண்ணிக்கொண்டு கிளம்பினார்.

அதற்குப் பிறகு எங்கள் கடையில் ஒரு புதுச் சட்டம் வந்தது. நெசவாளர்களுக்கு எதையும் எழுத்தில் கொடுக்கக் கூடாது. பிடித்தம் முன்போலவே வாயால்தான் நடக்கிறது. ஆனால் சேலையோடு வருகிறவர்கள் இப்போது துண்டை உதறுவதில்லை. மேசை முன்னால் நின்றுகொண்டு மெதுவாகக் கேட்கிறார்கள்: "எதுல வெச்சிப் பாத்தீங்க முதலாளி?"

முதலாளி என்னை முறைக்கிறார். நான் தலையைக் குனிந்து கணக்கு எழுதுகிறேன். டிராயர் திறக்கும் சத்தம் கேட்கிறது.