படத்தில் எல்லாமே வெள்ளை

டென்மார்க்கின் ரண்டர்ஸ் நகரில் ஒரு அக்கா, பிள்ளைகள் கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாளில் போடும் வெள்ளை முதல்நன்மைச் சட்டைகளை இணையத்தில் விற்கிறார். படமெடுத்து நிறம் திருத்துவது நான். முதலில் சாம்பல் அட்டையை அதே விளக்கின் கீழ் படமெடுத்து, அதைக் கொண்டே எல்லாப் படங்களையும் திருத்த வேண்டும். சோம்பல்தான்; பஞ்சிப்பட்டு, அட்டையை விட்டுவிட்டேன். ஒவ்வொரு படத்திலும் அந்தந்தச் சட்டையையே வெள்ளை என்று கணினிக்குக் காட்டினேன். யானைத்தந்த நிறச் சட்டைகூடப் பால் வெள்ளையானது. அக்காவுக்குப் பெரிய புளுகம், ஒரே சந்தோசம்.

வசந்தத்தில் கோயிலுக்குப் போனால், முதல்நன்மை வாங்க நின்ற வரிசையில் ஒருத்தி மட்டும் மஞ்சளாகத் தெரிந்தாள். அவளுடைய சட்டையின் கழுத்துப் பின்னல், அதைப் படமெடுத்த எனக்கு நன்றாகத் தெரியும்.

பூசை முடிந்ததும் அவளுடைய தாய், நான் படம் திருத்துகிறவன் என்று அறிந்து, கைப்பேசியோடு வந்தார்.

"தம்பி, கோயில் லைற் மஞ்சள் போல. பிள்ளையின்ர சட்டையை ஒருக்கா வெள்ளையாக்கித் தாறீங்களோ?"

வரிசையின் படத்தைத் திறந்து, அவளுடைய சட்டைதான் வெள்ளை என்று தொட்டுக் காட்டினேன். அது வெளுத்தது. கூடவே மற்றப் பிள்ளைகளின் சட்டைகளும், சிரித்துக்கொண்டிருந்த அவளுடைய முகமும் நீலம் பாரித்தன.

தாய் என்னைப் பார்த்தார்.

"ஓம், லைற்தான்," என்றேன்.