திருவிழாவுக்கு என்று கூட்டி வந்த பிள்ளை

ஏற்காட்டு ஆஸ்பத்திரி நர்ஸ் மைமூனுக்கு ரத்தத்தைப் பார்த்தால் ஒன்றும் ஆகாது. பெற்றோர் பிள்ளைகளிடம் சொல்லும் பொய்யைக் கேட்டால்தான் பற்றிக்கொண்டு வரும்.

அன்று கொட்டச்சேடு கிராமத்திலிருந்து வெள்ளையன் தன் மகள் செவந்திக்குப் பட்டுப்பாவாடை கட்டி, டான்சில் ஆப்பரேஷனுக்குக் கூட்டி வந்திருந்தார். சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு என்று சொல்லித்தான் பஸ் ஏற்றினாராம். ஆஸ்பத்திரியில் வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தார்கள். ஆனால் திருவிழாவுக்குப் போகும் பிள்ளையைப் பட்டினி போட என்ன காரணம் சொல்வது? வழியில் பன் வாங்கிக் கொடுத்துவிட்டார்.

"மயக்கத்துல வாந்தி வந்து மூச்சுக்குழாய்க்குள்ள போனா என்னங்க பண்றது?" என்றாள் மைமூன். டாக்டர் ஆப்பரேஷனைச் சாயங்காலத்துக்குத் தள்ளினார்.

"ராட்டினம் எங்கீங்க?" என்றாள் செவந்தி.

மைமூன் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"ராட்டினம் இல்ல கண்ணு. அடிக்கடி வீங்குதே, அந்த டான்சிலை எடுக்கப் போறோம். மருந்து குடுத்துத் தூங்க வைப்போம், அப்ப வலி தெரியாது. முழிச்சப்புறம் தொண்டை நொம்ப வலிக்கும். நாளாக நாளாகக் குறைஞ்சிரும். அழுகை வந்தா அழுவு. அப்பா பக்கத்துலயே இருப்பாரு."

செவந்தி அழுது ஓய்ந்தாள்.

சாயங்காலம் ஸ்ட்ரெச்சர் வந்தபோது வெள்ளையன் மைமூனிடம் மெல்லக் கேட்டார்: "ஏனுங்க, புள்ள முழிச்சுக்குவாளுங்களா?"

பிள்ளைக்குச் சொன்னதுபோல இவருக்கு யாருமே உட்கார்ந்து எடுத்துச் சொல்லவில்லை என்பது மைமூனுக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் ஸ்ட்ரெச்சரிலிருந்து குரல் வந்தது.

"முழிச்சுக்குவனுங்கப்பா. அப்புறம் நொம்ப வலிக்கும். நீங்க வலிக்காதுன்னு மட்டும் சொல்லாதீங்க."