தலையாட்டிக்கு எல்லாம் புரியும்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு அந்த ஊர் மொழி முழுக்கப் புரியும். இதை யாரும் நம்பவில்லை என்பதுதான் அவருடைய வாழ்க்கை. பிழைக்க வந்த நாளிலிருந்து அந்த மொழியில்தான் திட்டு வாங்குகிறார், அந்த மொழியில்தான் செய்தி கேட்கிறார். லிஃப்டுக்குள் தம்பதிகள், மூலையில் நிற்கும் இவருக்குக் காதே கிடையாது என்ற தைரியத்தில் போடும் சண்டையை ஒரு சொல் விடாமல் பின்தொடர்கிறார். பதில் சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும் தலையை ஆட்டுவார். கம்பெனியில் ‘தலையாட்டி’ என்றே பெயர் விழுந்துவிட்டது. அந்தப் பெயரும் அவருக்குப் புரிந்தது. அதற்கும் தலையை ஆட்டினார்.

அவர் மனைவிக்குப் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. அவளுக்குத் தெரிந்த சொற்கள் மொத்தத்தையும் ஒரு டிபன் பாக்ஸில் அடைத்துவிடலாம். ஆனால் காலையிலிருந்து மாலை வரை அதையே சுழற்றிச் சுழற்றிப் பரிமாறுவாள். ஒருமை பன்மை, இறந்தகாலம் எதிர்காலம் எதுவும் அவளை வழிமறித்ததில்லை. டிவியில் என்ன சொல்கிறார்கள் என்று அவள் கணவரைக் கேட்பாள். கடையில் மீதிச் சில்லறைக்குச் சண்டை பிடிக்க வேண்டுமானால் கணவர் அவளைக் கூப்பிடுவார். குடும்பம் இப்படியே ஓடிக்கொண்டிருந்தது, அவர் முழங்கால் தேயும் வரை.

இனி ஏணி ஏறக்கூடாது என்றார் டாக்டர். கம்பெனியில் உட்கார்ந்து பார்க்கிற வேலை ஒன்றே ஒன்றுதான். கட்டுப்பாட்டு அறை நாற்காலி. யாராவது லிஃப்டில் மாட்டிக்கொண்டு அபாயப் பொத்தானை அழுத்தினால் அழைப்பு அங்கே வரும். மெக்கானிக் போய்ச் சேரும் வரை உள்ளே இருப்பவரிடம் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். தலையாட்டினால் தெரியாது.

“மாசக் கடைசியில ஒரு நாள் உட்கார வெச்சுப் பார்க்கறேன்,” என்றார் மேனேஜர். “பேசினீங்கன்னா நாற்காலி உங்களுக்கு. இல்லேன்னா...”

மிச்சமும் புரிந்தது.

மாலை வகுப்பில் சேர்ந்தார். நுழைவுத் தேர்வில் கேட்பதிலும் படிப்பதிலும் மேல் வகுப்புக்கான மதிப்பெண். பேசுவதில், அடி வகுப்பிலேயே இடம் கிடைப்பது சந்தேகம். இரண்டு பேர் தாளும் கலந்துவிட்டது போலிருக்கிறதே என்று அலுவலகத்தில் தேடினார்கள்.

“இதுல குழப்பமே இல்ல,” என்றார் டீச்சர், அன்றிலிருந்து அவரைக் குழப்புவதையே தொழிலாகக் கொண்டவர். “தெருவுல ஒரு ஆளைப் பார்த்தா அடையாளம் தெரியுது. அந்த ஆளே இல்லாம முகத்தை வரைஞ்சு காட்டச் சொன்னா? கேக்கும்போது வார்த்தையை எதிராளி கொண்டாந்து தர்றார், பக்கத்து வார்த்தைங்களும் கைகொடுக்குது. பேசும்போது நீங்களே உள்ளே போய் எடுக்கணும். அது வேற வழி. அந்த வழியில நீங்க நடந்ததே இல்ல.”

முழுக்கப் புரிந்தது. தலையை ஆட்டினார்.

“ஆட்டாதீங்க. நான் இப்ப என்ன சொன்னேன், நீங்க சொல்லுங்க.”

“முகம்,” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “இல்லை.”

அவர் தினமும் செய்துவந்தது சொற்பட்டியலைத் திரும்பத் திரும்ப வாசிப்பது. வாசிக்க வாசிக்க எல்லாம் தெரிந்த மாதிரி குளுகுளுவென்று இருக்கும். டீச்சர் அந்தச் சுகத்தில்தான் கை வைத்தார். சொல்லை மூடிவிட்டு, படத்தை மட்டும் பார்த்து, வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வராவிட்டால் உடனே திறக்கக்கூடாது. கொஞ்சம் திண்டாட வேண்டும். பிறகு பார்த்து, அதை வைத்து உடனே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். மறுநாள் ஒரு தடவை, சில நாள் விட்டு இன்னொரு தடவை.

விளைவு பயங்கரமாக இருந்தது. கதவு, கயிறு, பயம், காத்திரு என்று ஊறிப்போன சொற்களெல்லாம் படத்தைப் பார்த்ததும் காணாமல் போயின.

“காசு கட்டி இருக்கறதையும் தொலைச்சுட்டு வர்றேன்,” என்றார் மனைவியிடம்.

“தொலையறதுக்கு உங்க வாயில எப்பங்க இருந்துச்சு?” என்றாள் அவள்.

வகுப்பில் இன்னொரு கூத்து. ஒரே கதையை மூன்று பேரிடம் சொல்ல வேண்டும். ரொட்டிக்கடைக்காரரிடம் நாலு நிமிஷம், தையற்காரியிடம் மூன்று, கடைசி ஆளிடம் இரண்டு. அவர் எடுத்தது லிஃப்ட் நின்றுபோன கதை. முதல் நாலு நிமிஷத்தில் லிஃப்ட் வந்தே சேரவில்லை. மூன்றில் வந்தது. இரண்டில் ஆள் ஏறி, மாட்டி, இறங்கியும் ஆகிவிட்டது. நேரம் குறையக் குறைய எப்படிக் கூடுதலாகச் சொல்ல முடிகிறது என்று அவருக்கு விளங்கவில்லை.

“கதை புதுசு இல்லையே. என்ன சொல்றதுன்னு யோசிக்கிற வேலை முதல் தடவையோட முடிஞ்சிருச்சு,” என்றார் டீச்சர். “இனிமே வேகம் ஒண்ணுதான்.”

“சொல் வரலைன்னா?”

“சுத்திட்டுப் போங்க. கத்திரிக்கோல் வரலைன்னா துணி வெட்டறதுன்னு சொல்லுங்க. நிக்காதீங்க.”

வீட்டில் மனைவியை லிஃப்டில் மாட்டிக்கொண்டவளாக உட்கார வைத்துப் பழகினார். அவள் வெங்காயம் உரித்தபடியே மாட்டிக்கொண்டாள். “ஐயோ, எனக்கு மூச்சு முட்டுதே,” என்பாள் ஊர் மொழியில், பாதி தப்பாக. அவள் தப்பு அத்தனையும் அவருக்குத் தெரிந்தது. சரியானது ஒன்றும் வாயில் வரவில்லை. இதைவிட ஒரு மனிதனைக் குழப்ப முடியாது.

மாசக் கடைசி வந்தது. தலையில் மாட்டிய மைக்கோடு அவர் நாற்காலியில், முதுகுக்குப் பின்னால் மேனேஜர். மதியம் வரை எந்த லிஃப்டும் நிற்கவில்லை. இவர் பராமரித்த லிஃப்டுகள் அவை. தன் வேலை சுத்தத்தை அவர் முதல் தடவையாகச் சபித்தார். அப்புறம் விளக்கு எரிந்தது.

“நின்னுபோச்சு! இருட்டா இருக்கு! யாராவது இருக்கீங்களா?” ஒரு பெண் குரல்.

தலையை ஆட்டினார். மேனேஜர் தொண்டையைச் செருமினார்.

“இருக்கேன்,” என்றார். “நான் இங்க. ஆள் வருது. கதவு... தள்ளாதீங்க. காத்திருங்க.”

“விழுந்துடுமா இது? கயிறு அறுந்துட்டா?”

கயிறு! அவள் சொன்னதும் தெரிந்தது. ஆனால் அறுகிறது என்பதை இவர் எடுக்கப் போனபோது அது இடத்தில் இல்லை. திண்டாடினார். சுற்றிக்கொண்டு போனார்.

“கயிறு ஒண்ணு இல்ல. நிறைய. ஒண்ணே போதும் உங்களைப் பிடிக்க. ஒண்ணு ரெண்டா ஆனாலும், மத்தது இருக்கு. நான் பார்த்தேன். நான் கை வெச்ச லிஃப்ட். உட்காருங்க தரையில. பயப்படாதீங்க.”

“பயம் இல்ல. பசிக்குது. கையில முட்டை இருக்கு, பச்சை முட்டை.”

“முட்டை... விழாதுங்க,” என்றார்.

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. அப்புறம் அவள் கேட்டாள், இவர் சொன்னார். லிஃப்ட் ஏன் நின்றது, ஆள் எந்தத் தெருவில் வருகிறான், மின்விசிறி ஓடாவிட்டாலும் காற்று எப்படி உள்ளே வரும். வகுப்பில் மூன்று பேரிடம் சொன்ன கதைதான். நாலாவது ஆளிடம் அது தானாக நடந்தது. கதவு திறந்து அவள் இறங்கிப் போன பிறகும் அவர் பேசிக்கொண்டிருந்தார், யாரும் இல்லாத லிஃப்டிடம்.

மைக்கைக் கழற்றினார். சட்டை நனைந்திருந்தது. என்னென்ன சொன்னோம் என்று யோசித்தால் பாதி நினைவில்லை.

மேனேஜர் நாற்காலியைத் தட்டினார். “உங்களுக்குத்தான். ஆனா ஒண்ணு கேக்கணும். இவ்வளவு பேச்சை வெச்சுக்கிட்டு இத்தனை வருஷம் ஏன் வாயே திறக்கல?”

கேள்வி ஒரு சொல் விடாமல் புரிந்தது. பதிலும் உள்ளே இருந்தது, முகம், தெரு, வழி என்று டீச்சர் சொன்னபடியே. ஆனால் அந்தக் கதையை அவர் இன்னும் ஒருவரிடமும், ஒரு தடவைகூட, சொல்லிப் பார்த்ததில்லை.

தலையை ஆட்டினார்.