பின்னறைக்குத் தலைப்பு இல்லை

என் தம்பியின் திரைக்கதை இரண்டு முறை திரும்பி வந்திருந்தது. மூன்றாவது முறையும் வந்தால் தன்னைத் தேட வேண்டாம் என்று அவன் சொன்னபோது அடுப்பில் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு, "கிறுக்கன் மாதிரி பேசாதடா" என்றேன். அன்றிலிருந்து அவனை அறைக்கதவைத் தாழிட விடுவதில்லை.

திருப்பி அனுப்பியது இளம் இயக்குநர்களுக்குப் படம் எடுக்க உதவும் ஓர் அமைப்பு. கதையை மலாய் மொழியில்தான் வாங்குவார்கள். அடுத்த வருடம் தம்பிக்கு அவர்கள் வைத்திருக்கும் வயது வரம்பு தாண்டிவிடும். இனி ஒரே ஒரு வாய்ப்புதான், அதுவும் அவன் என்னிடம் கதையைக் கொடுத்த அன்றே மாலை ஐந்து மணியோடு முடிந்துவிடும். நான் கோலா சிலாங்கூரில் பிறப்புப் பத்திரமும் நிலப் பத்திரமும் மொழிபெயர்க்கிறவள். என்னிடம் கேட்க அவன் ஏன் இவ்வளவு நாள் தயங்கினான் என்பது எனக்குப் புரியவில்லை. வெட்கம் என்றுதான் நினைத்தேன்.

முதலிரண்டு முறையும் மொழிபெயர்த்தது அவனுடைய கூட்டாளி. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கு பிடித்திருந்தான். திரைக்கதையில் ஒவ்வொரு காட்சியும் ஒரு தலைப்பு வரியோடு தொடங்கும். உள்ளேயா வெளியேயா, எந்த இடம், பகலா இரவா என்பது மட்டும் அதில் இருக்கும். 'இன்ட்.' என்றால் உள்ளே, 'எக்ஸ்ட்.' என்றால் வெளியே. அதைத் தொடக்கூடாது. படப்பிடிப்புக் குழு அந்த வரிகளை வைத்துத்தான் எந்தெந்த இடம் தேவை என்று பிரிப்பார்கள். கதை, செம்பனைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் நாங்கள் வாழ்ந்த கதைதான். எங்கள் லயத்து வீட்டைக் கூட்டாளி ஓரிடத்தில் வீடு என்றும், ஓரிடத்தில் தொழிலாளர் குடியிருப்பு என்றும், வேறோரிடத்தில் குடிசை என்றும் எழுதிவைத்திருந்தான். ஒரு வீடு மூன்று வீடாகிவிட்டது. வசனத்துக்கு மேலே வரும் பெயரில் அப்பாவை 'ஆயா' என்றும் 'பாப்பா' என்றும் 'அப்பா' என்றும் மாற்றி மாற்றிப் போட்டிருந்தான். அப்பாவைக் குறிக்கும் இரண்டு மலாய்ச் சொல், ஒரு தமிழ்ச் சொல். படித்தவருக்கு மூன்று பேர் பேசுவதாகத் தோன்றியிருக்கிறது. எங்கள் அப்பா ஒருவரையே எங்களால் சமாளிக்க முடிந்ததில்லை.

நான் சாப்பாட்டு மேசையில் கணினியை வைத்துக்கொண்டு எலும்புக்கூட்டை முதலில் எழுதினேன். காட்சி எண்கள், தலைப்புகள், பேசுகிறவர் பெயர்கள் மட்டும். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது. மலாயில் பெயர்களைப் பெரிய எழுத்தில், பக்கத்தின் நடுவை நோக்கித் தள்ளி வைக்க வேண்டும். அப்பா எல்லா இடத்திலும் 'அப்பா'தான் என்று முடிவுசெய்தேன். வசனத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். அப்பாவின் பெயருக்குப் பக்கத்தில் எப்போதும் 'ஓ.எஸ்.' என்றிருந்தது. ஆள் அங்கேதான் இருக்கிறார், கேமராவுக்கு மட்டும் தெரியவில்லை என்று அதற்கு அர்த்தம். பக்கத்து அறையிலிருந்து கூப்பிடுவதுபோல. ஆள் அந்த இடத்திலேயே இல்லை, குரல் மட்டும் கேட்கிறது என்றால் 'வி.ஓ.' என்று போட வேண்டும். கதையின் பாதியில் அப்பா இறந்துபோகிறார். அதற்குப் பிறகும் ஓ.எஸ். என்றே இருந்தது. திருப்பி அனுப்பியவர்கள் இதையும் பிழை என்று குறித்திருந்தார்கள்.

அறை வாசலில் நின்று கேட்டேன்.

"டேய், செத்தவருக்கு வி.ஓ. தானே? மாத்திடவா?"

அவன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். "மாத்தாதக்கா."

"அவுங்கதான் தப்புன்னு எழுதி அனுப்பியிருக்காங்களே. இன்னிக்கு ஐஞ்சு மணிக்கு முடியுது லா, இப்ப போய் அடம்பிடிக்கிற."

"எல்லாத்தையும் மலாயில போடு. அத மட்டும் விட்டுடு."

கோபத்தோடு மேசைக்குத் திரும்பினேன். என் தம்பி பிழைத்தால் போதும், குரல் எங்கிருந்து வந்தால் யாருக்கு என்ன? ஓரிடத்தில் மாற்றிக்கூட விட்டேன். பிறகு இடங்களின் பெயர்களைச் சரிபார்க்கத் தலைப்புகளை மட்டும் மேலிருந்து கீழே படித்தேன். முன்னறை, அடுக்களை, வாசல், கோயில், லோரி நிற்கும் இடம். பின்னறை வரவே இல்லை. அப்பா பக்கவாதம் வந்து படுத்துக்கிடந்த அறை அது. செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர், கடைசிக் காலத்தில் அந்த அறையைத் தாண்டி வெளியே வரவில்லை. கதை முழுக்க அவருடையது, ஆனால் ஒரு காட்சிகூட அங்கே நடக்கவில்லை. மறந்துவிட்டான் என்று நினைத்தேன்.

வசனத்துக்கு வந்தேன். நடுவில் ஒரு பகல் காட்சி, லயத்து வீட்டின் முன்னறை. பையன் ஒருவன் டி.வி. பார்க்கிறான். அம்மா தோட்டத்துக் காட்டு வேலைக்குப் போயிருக்கிறார், அக்கா ரவாங்கில் ஃபேக்டரியில் இருக்கிறாள். அப்பா, ஓ.எஸ்.: "தண்ணி." பையன் திரும்பவில்லை. மறுபடியும் அப்பா, ஓ.எஸ்.: "தம்பி, தண்ணி." அடுத்த வரி: பையன் ரிமோட்டை எடுத்து டி.வி. சத்தத்தைக் கூட்டுகிறான். அதற்கடுத்த காட்சி வாசல், மாலை, ஆட்கள் கூடி நிற்கிறார்கள்.

அந்த அக்கா நான்தான். அன்று கம்பெனி பஸ்ஸில் திரும்பி வந்தபோது, அப்பா தூக்கத்திலேயே போய்விட்டார் என்று தம்பி சொன்னான். அப்போது அவனுக்கு மீசைகூட முளைக்கவில்லை. அம்மாவும் சாகிறவரை அதைத்தான் நம்பினார். நல்ல சாவு என்று நானும் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

'தண்ணி'க்கு மலாயில் சின்னஞ்சிறு சொல்தான். அதைத் தட்ட என்னால் முடியவில்லை. முதலில் அவன் கன்னத்தில் அறைய வேண்டும்போல இருந்தது. பிறகு அவன் இத்தனை வருடமாக அந்த முன்னறையிலேயே உட்கார்ந்திருக்கிறான் என்று தோன்றியதும் அழுதுவிட்டேன். கதையின் கடைசிக் காட்சியில் அந்தப் பையன் வளர்ந்துவிட்டான். கையில் தண்ணீரோடு பின்னறைக் கதவைத் தொட்டபடி நிற்கிறான், உள்ளே போவதில்லை. அவனைப் பொறுத்தவரை அப்பா இன்னும் உள்ளேதான் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார். வி.ஓ. என்று போட்டால் அது பொய்.

மாற்றியதைத் திரும்பவும் ஓ.எஸ். ஆக்கினேன். மற்ற எல்லாவற்றையும் விதிப்படி வைத்தேன். காட்சி எண் ஒன்றும் பிசகவில்லை, வீடு ஒரே வீடு, அப்பா ஒரே அப்பா. ஐந்து அடிக்கச் சற்று முன்னால் அனுப்பினேன். இதற்காகவே மறுபடியும் திருப்பி அனுப்பலாம். அனுப்பினால் இவனை நான் எதைச் சொல்லிப் பிடித்து வைப்பேன் என்று தெரியவில்லை.

அறையிலிருந்து அவன் குரல் வந்தது. "அக்கா, அனுப்பிட்டியா?"

மேசையிலிருந்தே பதில் சொல்லியிருக்கலாம். ஒரு டம்ளரில் தண்ணீர் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன்.

"அனுப்பிட்டேன். ஓ.எஸ். அப்படியேதான் இருக்கு."

அவன் சுவர்ப்பக்கம் பார்த்தபடியே கேட்டான். "எல்லாத்தையும் படிச்சியா?"

"படிச்சேன்."

அவன் தோள் குலுங்கியது. நான் சொல்ல நினைத்ததெல்லாம் அப்பாவின் வாயிலிருந்து வரவேண்டியவை.

"எந்திரிடா" என்றேன். "தண்ணி குடி."

அவன் எழுந்து உட்கார்ந்து கையை நீட்டும்வரை டம்ளரைப் பிடித்துக்கொண்டு கட்டிலோரம் நின்றேன்.