மச்சான் பள்ளிக்குக் கொடுத்த கழிவு

இடுப்பில் உடுத்தும் புதுச் சாரத்தின் கஞ்சி வாசம் மூக்கில் ஏறினால், கல்முனையில் நான் வைத்திருந்த புடவைக்கடையும், ஏலச்சீட்டு நடத்திய மச்சானும் வந்து நிற்கிறார்கள்.

இருபது பேர், மாதம் ஐந்நூறு ரூபாய், இருபது மாதம். ஏலத்தில் சீட்டு எடுப்பவர் விட்டுக்கொடுக்கும் கழிவுத் தொகையை எல்லோருக்கும் பங்கிட்டு அந்த மாதத் தவணையில் குறைப்பது வழக்கம். மச்சான் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்: "அது வட்டி மாதிரி, ஹராம். நீங்க முழுசாத் தாங்க மச்சான். உங்கட பங்க நான் பள்ளிவாசலுக்குக் குடுக்கன்."

அவர் சொன்னால் கடலும் கரையோடு நிற்கும் என்று நம்பிய காலம். பத்தாயிரம் கட்டினேன். கடைசிச் சீட்டு எனக்கு. அவர் கூலி ஐந்நூறு போக மிச்சத்தைக் கடைக்கு முதலாகப் போட்டேன்.

அந்த முதல் எங்கிருந்து வந்தது என்று வருமானவரிக் கந்தோர் கேட்டது. என் கணக்கப்பிள்ளை மச்சானின் புத்தகத்தை வாங்கிப் புரட்டினார்.

"காக்கா, இந்தப் புத்தகத்தில கழிவுப் பங்கு போக நீங்க கட்டின எட்டாயிரத்து இருநூறு, எடுத்த ஒம்பதாயிரத்து ஐந்நூறு. லாபம் ஆயிரத்து முந்நூறு. இதுக்கு வரி வரும்."

பள்ளியில் விசாரித்தேன். ஒரு சதமும் வந்திருக்கவில்லை. மச்சானின் வாசலில் போய்க் கேட்டபோது அவர் கதவை மூடிக்கொண்டே சிரித்தார்.

"ஹராம் காசு என்னோட போகட்டும் மச்சான். வரிய நீங்க கட்டுங்க."