சனிக்கிழமை எண்ணெய்க் குளியலும் என் வலக்காதும்

1958 மார்ச் 9, ஞாயிறு, முற்பகல் பத்தேகால். நமுனுகுல மலையுச்சியில் மட்டும் முகில், மற்றெங்கும் நல்ல வெயில். ஹாலிஎல ஆற்றில் பதினொரு முறை பாய்ந்து நீந்தினேன். வலக்காதில் நின்ற தண்ணீரைத் தீக்குச்சியால் குடைந்தேன்.

புதன்கிழமை காதுமடலைத் தொட்டாலே உயிர் போயிற்று. அடுத்த ஞாயிறு வெலிமடையில் பெண் பார்க்க ஏற்பாடு. மாப்பிள்ளைக்குக் காது மந்தம் என்று ஒரு பேச்சுக் கிளம்பினால் எல்லாம் முடிந்தது. கணக்கெழுதும் கிளாக்கர் வேலையை அப்படியே போட்டுவிட்டுத் தேயிலைத் தோட்டத்து மருந்துச் சாலைக்கு ஓடினேன்.

அங்கிருந்த டாக்டர் ஐயா யாழ்ப்பாணத்தவர். விளக்கைப் பிடித்து எட்டிப் பார்த்தார்.

"குழாய் வீங்கிப்போச்சு. நல்லகாலம், சவ்விலை ஓட்டை இல்லை."

"விழுங்குறதுக்குக் குளிசை குடுங்கய்யா. ஞாயித்துக்கெழம பொண்ணு பாக்கப் போறேன்."

"பொம்பிளை பாக்கிறதுக்குக் குளிசையோ? காய்ச்சல் இல்லை, வீக்கம் வெளியிலை வரேல்லை. காதுக்கு விடுற துளி போதும்."

மேசையில் இரண்டு போத்தல்கள். ஸ்பிரிட் கலந்ததை ஒதுக்கினார்; புண்பட்ட தோலில் அது எரியுமாம். மற்றதில் மெல்லிய துணித்திரியை நனைத்து உள்ளே வைத்தார். திரியின் மேல் தினம் மூன்று வேளை துளி விட வேண்டும்.

"காது காய்ஞ்சு கிடக்கவேணும். ஆறும் வேண்டாம், தீக்குச்சியும் வேண்டாம். மேல் கழுவேக்கை பஞ்சிலை வாஸ்லின் பூசிக் காதை அடையும், பிறகு எடுத்துவிடும். தலையிலை தண்ணி படக்கூடாது."

வெள்ளிக்கிழமை வலி பாதியாயிற்று. சனிக்கிழமை வந்தது. பெண் பார்க்கப் போகிறவன் எண்ணெய் முழுகாமல் போவதா? தலையில் நல்லெண்ணெய் வைத்து, வழக்கப்படி காதிலும் இரண்டு சொட்டு விட்டு, ஒன்பது வாளி வெந்நீர் ஊற்றினேன். திரி முதல் வாளியிலேயே போய்விட்டது.

ஞாயிறு விடியும்போது காய்ச்சல். மடல் சிவந்து புடைத்து, கன்னம் வரை வீக்கம். டாக்டர் ஐயா என்னைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கினார்.

"ஆசைப்பட்ட குளிசை வந்திட்டுது, மாப்பிள்ளை!"

பென்சிலின் குளிசை, நாளுக்கு நான்கு, ஏழு நாள். புதுத் திரியும் துளியும் கூடவே. வெலிமடை போகப் பேசிவைத்த வாடகைக் காரைத் திருப்பி அனுப்பினேன். பெண் வீட்டுக்குக் 'காய்ச்சல்' என்று மட்டும் சொல்லியனுப்பினேன். அவர்கள் அதை நம்பவில்லை, காது மந்தம் என்ற பேச்சு அங்கே எட்டியிருந்தது என்பது இரண்டு வாரம் கழித்து, மார்ச் 30 அன்று, பஸ்ஸில் போய் இறங்கியபோதுதான் தெரிந்தது. பெண்ணின் தாய்மாமன் என் வலப்பக்கமாகவே வந்து உட்கார்ந்தார். காப்பி வந்தது. அவர் வேறெங்கோ பார்த்தபடி முணுமுணுத்தார்:

"காது கேக்காதவனுக்கு எப்படிப் பொண்ணு குடுக்குறது?"

"நல்லாவே கேக்குதுங்க மாமா. காப்பிக்குச் சீனிதான் பத்தல."

கதவுக்குப் பின்னால் பெண் சிரித்தது இரண்டு காதிலும் கேட்டது. சீனியை அவளே கொண்டுவந்தாள்.

தோட்ட உத்தியோகத்தருக்கு வைத்தியம் இலவசம். திரும்பிவராத கார் முற்பணம் எட்டு ரூபாய், வாஸ்லின் அறுபத்தைந்து சதம், பஸ்ஸும் வாழைப்பழச் சீப்பும் இரண்டே முக்கால். ஆக மொத்தம் பதினொரு ரூபாய் நாற்பது சதம்.