பதினொன்றாம் கேட்

இரண்டாயிரத்துப் பதினொன்றில் நான் வேலை பார்த்த டிராவல்ஸ் சிதம்பரத்தில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்தது. வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்து, பேப்பர் சரிபார்த்து, விமானம் ஏற்றிவிடும் கடை. முதலாளி அதற்கு முன்னால் சென்னை ஆம்னி பஸ்களுக்கு சீட் போட்டுக்கொண்டிருந்தவர். பஸ்ஸிலிருந்து விமானத்துக்கு வந்தபோது பெயர்ப் பலகையை மாற்றினார், சட்டையை வெள்ளையாக மாற்றினார், மூளையை மாற்றவில்லை. அவருக்குக் கடைசி வரைக்கும் விமானம் என்பது இறக்கை வைத்த ஏசி ஸ்லீப்பர்தான். 'வண்டி' என்றே சொல்வார்.

அப்பா மீனவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பி.காம். முடித்திருந்தேன். படித்தவன் என்றால் சரியாகச் செய்ய வேண்டும் என்று அப்போது உறுதியாக நம்பினேன். அந்த நம்பிக்கையை முதலாளி 'டிகிரி' என்ற ஒரே சொல்லில் சுருக்கி வைத்திருந்தார். "டிகிரி, டீ சொல்லிட்டு வா. டிகிரி, அந்த ஃபேனைப் போடு."

கடையில் ஒரு வழக்கம் இருந்தது. பயணி விமான நிலையத்துக்குள் போய் போர்டிங் பாஸ் வாங்கியதும் அதைக் கைப்பேசியில் படம் பிடித்துக் கடை எண்ணுக்கு எம்.எம்.எஸ். அனுப்ப வேண்டும். அதில் நான்கு விஷயங்களை எடுப்போம்: விமான எண், ஏறும் நேரம், கேட், சீட். ஆளுக்குப் போன் போட்டுத் தமிழில் சொல்வோம். விமான எண்ணை, அங்கே இறங்கியதும் கூட்டிப்போக வருகிற கம்பெனிக்கு மெயிலில் அனுப்புவோம். எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு ஆங்கில எழுத்து தெரியாது, எண் தெரியும். அதனால் இந்த வழக்கம் நல்ல வழக்கம்தான். கெட்டது ஒன்றுதான். நான் இல்லாத நேரத்தில் முதலாளி படிப்பார்.

அந்தப் படங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். எம்.எம்.எஸ்.ஸில் வரும்போது படம் சுருங்கிவிடும். பெரிய எழுத்து நிற்கும், சின்ன எழுத்து மணல் கொட்டியது போல உதிர்ந்திருக்கும். ஒருவர் கட்டை விரல் நேரத்தை மறைத்திருக்கும். இன்னொருவர் ஃபிளாஷ் போட்டு விமான எண்ணை வெள்ளையாக எரித்திருப்பார். நான் படத்தைக் கணினியில் ஏற்றிப் பெரிதாக்கி, தலைப்பு எது, அதற்குக் கீழே இருக்கும் எண் எது என்று பார்த்துத்தான் சொல்வேன். தெரியவில்லை என்றால் கிட்டே வைத்து மறுபடி எடுக்கச் சொல்வேன். முதலாளி கைப்பேசியைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து, கண்ணைச் சுருக்கி, பெரிதாகத் தெரிவதைப் படிப்பார். தெரியவில்லை என்று அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை.

கடலூருக்குப் பக்கத்தில் குடிகாட்டிலிருந்து ஒரு பைப் பிட்டர் வளைகுடா நாடு ஒன்றுக்குப் போனார். முப்பத்தைந்து வயது இருக்கும். ஊரிலேயே ஒரு கெமிக்கல் கம்பெனியில் காண்ட்ராக்டில் வேலை பார்த்து, காண்ட்ராக்ட் முடிந்து வெளியே வந்தவர். அவர் விசாவில் அந்த நாட்டுக்குள் நுழைய, பயணத்துக்கு மறுநாள்தான் கடைசி நாள். இரண்டு மாதம் கையில் இருந்த விசாவை முதலாளி கடைசி வரைக்கும் இழுத்து, சீட் கிடைத்த நாளில் டிக்கெட் போட்டார். அன்றைக்கு அவர் அந்த விமானத்தில் ஏறவில்லை என்றால் விசா வெறும் தாள். கம்பெனி இன்னொரு விசா அனுப்பாது. இது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும், அவர் மனைவிக்கும் தெரியும்.

சென்னையிலிருந்து மும்பை, மும்பையில் வேறு விமானம். சென்னையிலேயே இரண்டு போர்டிங் பாஸும் கொடுத்துவிட்டார்கள். முதலாவதைக் காலையில் நான்தான் படித்துச் சொன்னேன்; இரண்டாவதை மும்பையில் இறங்கி அனுப்புவதாகச் சொன்னார். பிறகு வேறொருவரின் போலீஸ் சான்றிதழ் வேலையாக என்னைக் கடலூருக்கு அனுப்பினார் முதலாளி. மதியம் ஒன்றரை மணிக்கு அவரிடமிருந்து போன்.

"டிகிரி, நம்ம குடிகாட்டுக்காரன் பாம்பேல எல்லா செக்கிங்கும் முடிச்சிட்டானாம். படம் அனுப்பினான், நான் படிச்சு சொல்லிட்டேன். இங்க கரண்டு இல்ல. படத்த ஒனக்கு அனுப்புறேன், ப்ரவுசிங் சென்டர்ல இருந்து கம்பெனிக்கு மெயில் தட்டிவுட்டுடு."

"இன்னா சொன்னீங்கண்ணே அவரு கிட்ட?"

"கேட்டு பதினொண்ணு, ரெண்டரைக்கு வண்டி, ரெண்டே காலுக்கு எழுந்து நில்லுன்னு சொன்னேன். இன்னா, பரீட்சை வைக்கிறியா?"

கடலூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு மாடியில் இருந்த ப்ரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, கைப்பேசியின் மெமரி கார்டைக் கழற்றிச் செருகிப் படத்தைத் திறந்தேன். பெரிதாக்கிப் பார்த்தேன். கேட் என்ற தலைப்புக்குக் கீழே ஒன்றும் இல்லை. வெறும் இடம். இணைப்பு விமானத்துக்குக் காலையில் வேறு ஊரில் பாஸ் அடிக்கும்போது கேட் இன்னும் ஒதுக்கியிருக்க மாட்டார்கள், அங்கே போய்த்தான் திரையில் பார்க்க வேண்டும். கொஞ்சம் தள்ளி சீட் என்ற தலைப்பு, அதற்குக் கீழே தடித்த எழுத்தில் பதினொன்றும் ஒரு சி எழுத்தும். அந்தப் பதினொன்றைத்தான் இவர் கேட் ஆக்கியிருக்கிறார். ரெண்டரை என்பது விமானம் கிளம்பும் நேரம். ஏறும் நேரம் ஒன்றே முக்கால், தனியாக, அதன் தலைப்புக்குக் கீழே ஒழுங்காக அச்சாகியிருந்தது. பஸ் டிக்கெட்டில் ஒரே நேரம்தான் இருக்கும், அந்த நேரத்துக்கும் பஸ் கிளம்பாது. இருபது வருடம் அதையே பார்த்த கண், இன்னொரு நேரம் இருக்கும் என்று தேடவே இல்லை.

மணி ஒன்று நாற்பது.

முதலாளிக்குப் போன் போட்டேன். சொன்னேன்.

"கேட்டு போடாம எவனாவது டிக்கெட்டு குடுப்பானா? பிளாட்பாரம் தெரியாம பஸ்ஸு எங்க நிக்கும்?"

"அண்ணே, அது சீட்டு நம்பரு. சி எழுத்து கூடவே இருக்கு பாருங்க."

"நான் பாத்துட்டேன்டா. ஒழுங்கா மெயில மட்டும் போடு. சும்மா அவனக் கொழப்பாத."

அந்த நிமிஷத்தில் அந்த மனிதரை நான் எவ்வளவு கேவலமாக நினைத்தேன் என்பதைச் சொல்வதற்கு எனக்கு இன்றும் கூச்சம் இல்லை. தப்பு யாருக்கும் வரும். தப்பு தெரிந்த பிறகும் அடுத்தவன் பிழைப்பின் மேல் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்காமல் இருப்பதற்குத் தனி உடம்பு வேண்டும். அவருக்கு இருந்தது.

குடிகாட்டுக்காரருக்குப் போட்டேன். மூன்றாவது தடவை எடுத்தார். பின்னால் ஒலிபெருக்கி இந்தியில் எதையோ சொல்லிக்கொண்டிருந்தது.

"அண்ணே, எங்க இருக்கீங்க?"

"பதினொண்ணுலதான் தம்பி ஒக்காந்துனு இருக்கேன். மொதலாளி சொன்னாரே. நல்லா குளுகுளுன்னு இருக்கு."

"அது ஒங்க கேட்டு இல்லண்ணே. சீட்டு நம்பரக் கேட்டுன்னு சொல்லிட்டாரு."

அவர் குரல் தாழ்ந்து வந்தது. "தம்பி, தப்பா நெனச்சுக்காத. அவரு எத்தினியோ பேர அனுப்புனவரு. நீ நேத்து வந்த பையன். நான் இங்கேர்ந்து எழுந்து போயி, வண்டி இங்க வந்துட்டா?"

இதில்தான் எனக்குக் கோபம் அதிகமாக வந்தது, அவர் மேலும்தான். வெள்ளைச் சட்டைக்காரன் சொன்னால் வெறும் இடத்தில்கூட எண் தெரியும், மீனவன் மகன் சொன்னால் அச்சடித்ததும் சந்தேகம். ஆனால் கோபப்பட நேரம் இல்லை. என்னை நம்ப வேண்டாம், அட்டையை நம்பட்டும் என்று தோன்றியது.

"சரிண்ணே, என்ன நம்பாதீங்க. கையில ரெண்டாவது அட்டைய எடுங்க. ஃப்ளைட்டு நம்பருன்னு ரெண்டு இங்கிலீஷ் எழுத்து, பக்கத்துல மூணு நம்பரு இருக்கும். இன்னா நம்பரு?"

"அஞ்சு, ஏழு, நாலு."

"இப்ப பதினொண்ணாம் கேட்டுக்கு மேல டி.வி. மாதிரி இருக்குதுல்ல, அதுல இன்னா நம்பரு?"

"ரெண்டு... ஆறு... தம்பி, இது வேற."

"ஆமாண்ணே. இது வேற ஊருக்குப் போற வண்டி."

அவர் எழுந்து பையை எடுக்கும் சத்தம் கேட்டது.

"நடுவுல பெரிய டி.வி. இருக்கும், வரிவரியா ஓடும். அங்க போங்க. ரெண்டு எழுத்தும் அட்டையில இருக்குற மாதிரியே இருக்கணும், பொறவு அஞ்சு ஏழு நாலு. கெடைச்சதும் அந்த வரிய விடாம வலது பக்கம் போங்க, அங்க ஒரு நம்பரு இருக்கும்."

அவர் நடந்தார். கைப்பேசியைக் காதிலேயே வைத்திருந்தார். "எல்லாம் மாறுது தம்பி, படிக்கறதுக்குள்ள மாறுது." பக்கம் மாறும், திரும்ப வரும், அசையாமல் நில்லுங்கள் என்றேன். ப்ரவுசிங் சென்டர்க்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் எழுந்து நின்றுகொண்டுதான் பேசியிருக்கிறேன்.

"வந்துட்டுது. அஞ்சு ஏழு நாலு. எழுத்தும் அதேதான். கடைசில நாலு. செவப்பா இன்னாவோ மின்னுது."

மணி ஒன்று ஐம்பத்தெட்டு. மின்னினால் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம், இல்லையென்றால் கடைசி அழைப்பு. எது என்று கேட்க அவருக்கு எழுத்து தெரியாது. "நாலாம் கேட்டு. ஓடுங்கண்ணே," என்றேன்.

பை தோளில் அடிக்கும் சத்தம் கேட்டது. யாரையோ "சார், சார், நாலு" என்று கேட்டார். பிறகு தொடர்பு அறுந்தது.

திரும்பப் போட்டால் மணி அடித்தது, எடுக்கவில்லை. அதற்குள் அவர் மனைவி குடிகாட்டிலிருந்து எனக்குப் போன் செய்துவிட்டார். "தம்பி, அவரு ஏறிட்டாரா? மொதலாளிக்குப் போட்டா 'ஜம்முனு ஒக்காந்துனு இருக்கான்'றாரு." எனக்குப் பொய் வரவில்லை. ஓடிக்கொண்டிருக்கிறார், இன்னும் தெரியாது என்றேன். அந்த அம்மா போனை வைத்துவிட்டார்.

இரண்டு பத்துக்கு அழைப்பு வந்தது.

"தம்பி, உள்ள வந்துட்டேன். நான்தான் கடைசி ஆளு. ஒரு பொம்பளப் புள்ள அட்டையக் கிழிச்சு பாதியக் குடுத்துச்சு. எங்க ஒக்காரணும்?"

"பதினொண்ணு சி. தலைக்கு மேல பொட்டி இருக்குற எடத்துல நம்பரு ஒட்டியிருக்கும்."

நடக்கிறார், மன்னிப்புக் கேட்கிறார், யார் காலையோ மிதிக்கிறார். பிறகு நின்றார். குரலில் ஒரு மலர்ச்சி.

"தம்பி, பதினொண்ணு இங்க இருக்குது."

"அதாண்ணே ஒங்க சீட்டு."

"மொதலாளி சொன்ன பதினொண்ணு இதுதான். பாத்தியா, சரியாத்தான் சொல்லியிருக்காரு. நான்தான் வெளியில ஒக்காந்துட்டேன்." பிறகு, "சரி தம்பி, போன அணைக்கச் சொல்றாங்க."

நான் அவர் மனைவிக்குப் போட்டு, ஏறிவிட்டார் என்று சொன்னேன். கம்பெனிக்கு விமான எண்ணை மெயிலில் அனுப்பினேன்.

சாயங்காலம் கடைக்குத் திரும்பியபோது பண்ருட்டியிலிருந்து வந்த ஒரு அப்பாவையும் மகனையும் உட்கார வைத்து முதலாளி பேசிக்கொண்டிருந்தார். "இன்னைக்கிக்கூட பாருங்க, பாம்பேல ஒருத்தன் திணறுனான். இங்கேர்ந்தே போன்ல ஏத்திவுட்டேன்." மகன் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் முதலாளி, "டிகிரி, இவுங்களுக்கு அந்தப் படம் எடுக்கறது எப்பிடின்னு சொல்லிக் குடு," என்றார்.

சொல்லிக் கொடுத்தேன். அட்டையை மட்டும் இல்லை, விமானத்தின் எண் ஓடும் அந்தப் பெரிய திரையையும் சேர்த்துப் படம் பிடித்து அனுப்ப வேண்டும் என்றேன். கடை எண்ணுக்கு வேண்டாம் என்றேன். ஒரு தாளில் என் எண்ணை எழுதி, முதலாளி பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அந்தப் பையன் கையில் கொடுத்தேன்.